அம்மாவின் மூடிய கண்கள்: ஒரு முகமாற்றமும் மூன்று கிளிப் லேயர்களும்

திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்து முடிந்த அன்று மதியம், சாப்பாட்டு மண்டபத்துக்கு முன்னால் துணிப் பந்தலின் கீழ் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு குடும்பப் படம் எடுத்தோம். பதினான்கு பேர். மாயவரத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அத்தை குடும்பம் அவசரப்பட்டதால் இரண்டே முறைதான் அழுத்த முடிந்தது. முதல் படத்தில் பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதில் பதின்மூன்று பேரும் சரியாக நிற்கிறார்கள். அம்மா மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். காலை முழுவதும் ஹோமப் புகையில் உட்கார்ந்திருந்த கண்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். படத்திருத்தம் எனக்குப் புதிது. கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தை நானே சரிசெய்ய விரும்பினேன். அதே நாள் காலையில் கோயில் பிராகாரத்தில் எடுத்த படங்களில் அம்மா கண் திறந்து மலர்ந்து சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. அந்த முகத்தை எடுத்து இந்த உடம்பில் வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று நினைத்து உட்கார்ந்தேன். முகத்தை வெட்டி ஒட்ட அரை மணி நேரம் ஆனது. ஒட்டிய முகம் அதே வெளிச்சத்தில் இருப்பதுபோல ஆக்குவதற்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த மூன்று மாலைகளைப் பற்றியது.

பயன்படுத்தியது ஃபோட்டோபீ. உலாவியில் `www.photopea.com` என்று தட்டினால் திறக்கும். எதையும் நிறுவ வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், ஓரத்தில் விளம்பரம் வரும். படம் எங்கும் ஏற்றப்படுவதில்லை, நம் கணினிக்குள்ளேயே வேலை நடக்கிறது. அதனாலேயே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: சேமிக்காமல் தாவலை மூடினால் வேலை போய்விடும். முதல் நாள் மின்சாரம் நின்று, என் பழைய மடிக்கணினியின் மின்கலமும் கைவிட்டதில் ஒரு மணி நேர உழைப்பு போனது. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை `File` → `Save as PSD` கொடுத்தேன்.

எந்த முகத்தை எடுப்பது

காலைப் படங்களில் அம்மாவின் முகம் தெளிவாக இருந்தவை நான்கு. நான் முதலில் தேர்ந்தெடுத்தது மிக அழகான சிரிப்பு இருந்த படத்தை. அதில் வெளிச்சம் அம்மாவின் வலக்கன்னத்தில் விழுகிறது. பந்தல் படத்திலோ பந்தலின் திறந்த பக்கம் அம்மாவுக்கு இடப்புறம். இடக்கன்னம் பளிச்சென்றும் வலக்கன்னம் நிழலாகவும் இருக்கின்றன. சரி, முகத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் போகிறது என்று `Flip Horizontally` கொடுத்தேன். வெளிச்சம் பொருந்தியது. ஆனால் அம்மாவின் ஒற்றைக்கல் மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய்விட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளாக வலப்பக்கம் மின்னும் மூக்குத்தி இடப்பக்கம் மாறினால் அது அம்மாவே இல்லை. அந்தப் படத்தை விட்டுவிட்டேன்.

இரண்டாவது படத்தில் சிரிப்பு சற்றுக் குறைவு. ஆனால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மென்மையாக வருகிறது, தலையும் ஏறக்குறைய அதே கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதையே எடுத்தேன். வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் பிறகு மாற்றிக்கொள்ள முடியும். திசையை மாற்ற முடியாது. எவ்வளவு நிறம் சரிசெய்தாலும் மூக்கின் நிழல் தவறான பக்கம் விழுந்தால் பார்ப்பவரின் கண் நின்றுவிடும். இன்னொன்றையும் பார்த்தேன்: நெற்றியிலோ மூக்கு நுனியிலோ எண்ணெய்ப் பளபளப்பு முழு வெள்ளையாக வெடித்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் தோலின் விவரமே பதிவாகியிருக்காது. அதைக் கருமையாக்கினால் தோல் நிறம் வராது, சாம்பல் திட்டுதான் வரும்.

வெட்டி ஒட்டியது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு படங்களையும் தனித்தனித் தாவல்களாகத் திறந்தேன். காலைப் படத்தில் லாசோ கருவியால் முகத்தைச் சுற்றித் தாராளமாக, காதும் கழுத்தும் கொஞ்சம் சேரும்படி வளைத்து, நகலெடுத்துப் பந்தல் படத்தில் ஒட்டினேன். ஒட்டியது தனி லேயராக, படத்தின் மேல் வைத்த கண்ணாடித்தாள் போல, மேலே நின்றது. அந்த லேயரை `Convert to Smart Object` செய்துகொண்டேன். அப்படிச் செய்தால் பலமுறை பெரிதாக்கிச் சிறிதாக்கினாலும் படம் கெடாது. பிறகு அதன் ஒளிபுகாமையை ஐம்பது சதவீதமாக்கிக் கீழே இருக்கும் முகம் தெரியும்படி வைத்து, `Free Transform` மூலம் பொருத்தினேன். முகத்தின் வெளிக்கோட்டைப் பார்த்து அளவு வைத்தால் தவறிவிடுகிறது. இரண்டு கண்களின் வெளிமுனைகளுக்கு இடையே உள்ள தூரம், கண்ணுக்கும் உதட்டுக்கும் உள்ள தூரம், இந்த இரண்டையும் வைத்துப் பொருத்தினேன். 72 சதவீதமாகச் சிறிதாக்கி, மூன்று பாகை சாய்த்ததும் உட்கார்ந்தது. காலைப் படம் கிட்டத்தில் எடுத்தது என்பதால் சிறிதாக்கும்படி அமைந்தது நல்லதாயிற்று. பெரிதாக்க வேண்டியிருந்தால் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து லேயர் பலகையின் அடியில் இருக்கும் பொத்தானால் ஒரு மாஸ்க் சேர்த்து, மென்மையான கறுப்புத் தூரிகையால் தேவையற்றதை மறைத்தேன். மாஸ்கில் கறுப்புப் பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும். தலைமுடி, மல்லிகைச்சரம், காது, ஜிமிக்கி, கழுத்து எல்லாம் பந்தல் படத்துடையவை. நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து தாடை வளைவு வரை மட்டும் புதிய முகம். எல்லைக்கோடு இயற்கையாகவே ஒரு கோடு இருக்கும் இடத்தில், அதாவது முடியின் ஓரம், தாடையின் நிழல் ஆகியவற்றில் போக வேண்டும். கன்னத்தின் நடுவே போனால் எவ்வளவு மென்மையாக்கினாலும் காட்டிக்கொடுக்கும்.

வெட்டு சரி. ஆனால் படம் பார்க்கவே பயமாக இருந்தது. செம்மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும் உடம்பின் மேல் நீலம் பாய்ந்த, சற்று இருண்ட ஒரு முகம்.

ஏன் இப்படி ஆகிறது

நம் பக்கத்துப் பந்தல் துணிகள் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். வெயில் அந்தத் துணியின் வழியாக இறங்கும்போது நீலத்தைத் துணி பெருமளவு விழுங்கிவிடுகிறது; கீழே நிற்பவர்களின் மேல் சிவப்பும் மஞ்சளும் கலந்த வெளிச்சமே விழுகிறது. கோயில் பிராகாரத்தில் கதை வேறு. வெயில் நேரடியாகப் படாத கல்தளத்தில், மேலே திறந்த வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சம். கைப்பேசிக் கேமரா ஒவ்வொரு படத்திலும் இதைத் தன்னளவில் ஓரளவு சரிக்கட்டுகிறது, முழுவதும் இல்லை. ஒரே நாள், ஒரே முகம், ஆனால் இரண்டு வேறு தோல்கள்.

முதல் மாலையில் நான் செய்தது பெரிய தவறு. முகத்தின் மேல் `Curves` என்ற சரிசெய்யும் லேயரைச் சேர்த்து நீலத்தைக் குறைத்தேன். முகம் நன்றாக வந்ததுபோலத் தெரிந்தது. பிறகுதான் பக்கத்தில் நிற்கும் அப்பாவின் பட்டு வேட்டியைப் பார்த்தேன். வெளிர்சந்தனமாக இருந்தது மாம்பழ மஞ்சளாகியிருந்தது. சரிசெய்யும் லேயர் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மாற்றும். முகத்தையும் மாற்றியது, முகம் பொருந்த வேண்டிய படத்தையும் அதே அளவு மாற்றியது. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு அப்படியே இருந்தது.

இங்கேதான் கிளிப் செய்வது வருகிறது. சரிசெய்யும் லேயரைத் தேர்ந்தெடுத்து `Layer` → `Clipping Mask` கொடுத்தால், லேயர் பலகையில் அது சற்று உள்ளே தள்ளி நிற்கும், பக்கத்தில் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி தோன்றும். அதன் பிறகு அந்தத் திருத்தம் நேர் கீழே உள்ள லேயரில் எங்கெல்லாம் படம் தெரிகிறதோ அங்கு மட்டுமே செல்லுபடியாகும். அப்பாவின் வேட்டி உடனே பழைய நிறத்துக்குத் திரும்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த வேட்டியை ஒருமுறை பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வேட்டி நிறம் மாறினால் கிளிப் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

கிளிப் செய்த லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாமே அடியில் இருக்கும் முக லேயருக்கே சேரும். இடையில் கிளிப் செய்யாத லேயர் ஒன்று புகுந்தால் சங்கிலி அறுந்துவிடும். இன்னொரு வசதி பிறகுதான் புரிந்தது. முகத்தின் மாஸ்கைப் பிறகு எப்போது திருத்தினாலும், தாடையில் இரண்டு புள்ளி கூட்டினாலும் குறைத்தாலும், நிறத் திருத்தங்கள் தாமாகவே புதிய எல்லையைப் பின்பற்றுகின்றன. முகத்தின் மேலேயே நேரடியாக நிறத்தை மாற்றியிருந்தால், ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

முதலில் வெளிச்சம், பிறகு நிறம்

இரண்டாம் மாலை. கண்ணால் பார்த்துச் சறுக்கியை இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் சரியென்று தோன்றும். எழுந்து காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தவறென்று தெரியும். நம் கண் பக்கத்தில் இருக்கும் நிறத்துக்குப் பழகிவிடுகிறது. அதனால் எண்களுக்குப் போனேன்.

நிறமெடுக்கும் கருவியால் ஓரிடத்தைத் தொட்டு, நிறப் பெட்டியைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் 0 முதல் 255 வரையான எண்ணாகக் கிடைக்கும். ஒரே புள்ளியை நம்பக்கூடாது. ஒரு மயிர்க்காலில் பட்டால் எண் மாறிவிடும். பக்கம் பக்கமாக நான்கு இடங்களைத் தொட்டுச் சராசரியைத் தாளில் எழுதினேன். பந்தல் படத்தின் பழைய முகம் அடியில் இன்னும் இருப்பதால், லேயர் பலகையில் புதிய முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண் குறியை அணைத்து அதை மறைத்துவிட்டு, அதே கன்னத்தை அளக்க முடிந்தது. ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது: அதே ஆள், அதே இடம், சரியான வெளிச்சம்.

பளிச்சென்ற இடக்கன்னத்தில் பழைய முகம் 186, 128, 92. புதிய முகம் 150, 118, 108. நிழலாக இருக்கும் வலத் தாடையில் பழையது 90, 56, 38. புதியது 86, 64, 60.

இந்த எண்களிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: வெளிச்ச வேறுபாடு ஒன்று, நிற வேறுபாடு ஒன்று. அவற்றைப் பிரிப்பதற்கு, மூன்று எண்களிலிருந்து வெளிச்சத்தை மட்டும் கணக்கிட்டேன். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தெரிவதால் மூன்றுக்கும் சம எடை கிடையாது.

```
வெளிச்சம் = 0.3 × R + 0.59 × G + 0.11 × B
```

கன்னத்தில் பழையது 141, புதியது 126. தாடையில் பழையது 64, புதியது 70. அதாவது புதிய முகத்தின் வெளிச்சப் பகுதி போதவில்லை, நிழல் பகுதியோ தேவைக்கு மேல் வெளுத்திருக்கிறது. பிராகாரத்தின் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவியது என்பதால் முகம் தட்டையாக இருந்தது. வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டியிருந்தால் கன்னம் சரியாகித் தாடை இன்னும் கெட்டிருக்கும்.

முதல் `Curves` லேயரைச் சேர்த்து, கிளிப் செய்து, கோட்டில் இரண்டு புள்ளிகள் வைத்தேன். கோட்டின் கிடை அளவு பழைய மதிப்பு, நெடு அளவு புதிய மதிப்பு. 70 இருக்கும் இடத்தைச் சற்றுக் கீழே இழுத்து 64 ஆக்கினேன். 126 இருக்கும் இடத்தை மேலே தூக்கி 141 ஆக்கினேன். முகத்துக்கு உடனே வடிவம் வந்தது. ஆனால் கன்னம் திடீரென்று சிவந்து, பொம்மைக்கு வண்ணம் பூசியது போலாகிவிட்டது. காரணம், இந்தக் கோடு மூன்று நிறங்களின் மேலும் தனித்தனியாக வேலை செய்கிறது. கோடு செங்குத்தாகும்போது சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளியும் விரிகிறது, நிறம் அடர்கிறது. கீழே உள்ளதோடு லேயர் எப்படிச் சேர வேண்டும் என்பதைச் சொல்வது கலப்பு முறை. அந்தச் சரிசெய்யும் லேயரின் கலப்பு முறையை `Normal` இலிருந்து `Luminosity` ஆக மாற்றியதும் வெளிச்சம் மட்டும் மாறி, நிறம் பழையபடி நின்றது. இந்த ஒரு மாற்றம் தெரியாமல்தான் முதல் மாலை முழுவதும் தடுமாறியிருக்கிறேன்.

வெளிச்சம் உண்மையில் பொருந்தியதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே, கிளிப் செய்யாமல், ஒரு `Black & White` லேயரைத் தற்காலிகமாக வைத்தேன். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறம் கண்ணை ஏமாற்றாது. கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே படி எதுவும் தெரியவில்லை. நெற்றியின் மேல் ஓரத்தில் ஒரு வெளிர்க்கோடு தெரிந்தது. அது மாஸ்கின் குறை, நிறத்தின் குறை இல்லை. பெரிய, மென்மையான தூரிகையால் அங்கே இரண்டு முறை தடவியதும் போய்விட்டது. பிறகு அந்தச் சோதனை லேயரை அணைத்தேன்.

இப்போது மீண்டும் நிறமெடுத்துப் பார்த்தேன். கன்னம் 165, 133, 123. தாடை 80, 58, 54. இலக்கு 186, 128, 92; மற்றும் 90, 56, 38. வெளிச்சம் சரியாகிவிட்டதால் மிச்சமிருப்பது நிறம் மட்டுமே. சிவப்புக் கூட வேண்டும், பச்சை சற்றே குறைய வேண்டும், நீலம் நிறையக் குறைய வேண்டும். பந்தல் துணி செய்த வேலையை நானும் செய்ய வேண்டும்.

இரண்டாவது `Curves` லேயரை முதலாவதன் மேல் சேர்த்துக் கிளிப் செய்தேன். இதன் கலப்பு முறை `Normal`. மேலே `RGB` என்றிருக்கும் தேர்வை ஒவ்வொரு நிறமாக மாற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகள் வைத்தேன். சிவப்பில் 80 ஐ 90 ஆகவும் 165 ஐ 186 ஆகவும். பச்சையில் 58 ஐ 56, 133 ஐ 128. நீலத்தில் 54 ஐ 38, 123 ஐ 92. எலியால் இழுக்கும்போது ஒன்றிரண்டு எண் முன்பின் ஆகும். அது கண்ணுக்குத் தெரிவதில்லை. புள்ளியை இரண்டாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கன்னத்துக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்திருந்தால் நிழலில் நீலம் எவ்வளவு குறைய வேண்டும் என்பதைக் கோடு தன்னிச்சையாக முடிவு செய்யும். நிழலிலும் ஒரு பிடிப்பு இருந்ததால்தான் தாடை கழுத்தோடு சேர்ந்தது.

கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அம்மா பந்தலுக்குள் வந்துவிட்டார். முதல் முறையாக அந்த முகம் அந்த உடம்பினுடையதாக இருந்தது. அப்பாவின் வேட்டி சந்தன நிறத்திலேயே இருந்தது.

எண்களுக்கு அகப்படாத இரண்டு

மறுநாள் மாலை புதிய கண்ணோடு திறந்தேன். மேலே ஒரு `Hue/Saturation` லேயரைத் தற்காலிகமாக வைத்து நிறச்செறிவை 70 வரை ஏற்றினேன். படம் முழுவதும் கண்ணைக் கூசும், ஆனால் மறைந்திருக்கும் நிற வேறுபாடுகள் எல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு இடங்கள் காட்டிக்கொடுத்தன.

ஒன்று கண்ணின் வெள்ளை. நீலத்தை அவ்வளவு குறைத்ததில் கண்களும் மஞ்சளாகியிருந்தன. மஞ்சள் காமாலை வந்தவர் போல. செம்மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையும் ஓரளவு மஞ்சளாகத்தான் இருக்கும். தெளிந்த கண்ணோடு நிற்கும் சித்தியின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மாவின் கண் அதைவிட மஞ்சள். சரிசெய்யும் லேயர் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு மாஸ்க் உண்டு. இரண்டாவது `Curves` லேயரின் மாஸ்கைத் தேர்ந்தெடுத்து, கறுப்புத் தூரிகையின் ஒளிபுகாமையை 40 சதவீதத்தில் வைத்து, கண்ணின் வெள்ளையிலும் பற்களிலும் ஒரேயொரு முறை தொட்டேன். முழுக் கறுப்பில் தொட்டால் கண் நீலமாக மின்னி, விளம்பரப் படம் போல ஆகிவிடும்.

இன்னொன்று தாடையின் அடிப்பகுதி. கன்னம் சரி, நெற்றி சரி, தாடை நுனியும் கீழுதட்டின் அடியும் மட்டும் உயிரில்லாமல் இருந்தன. எண்களைப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் காரணம் விளங்கியது. பந்தல் படத்தில் அம்மாவின் கழுத்தில் மஞ்சள் சாமந்தி மாலை. மாலையின் மேல் பட்ட வெளிச்சம் மேலே தெறித்துத் தாடையின் அடியில் மஞ்சளாக விழுகிறது. அடியில் இருந்த பழைய முகத்தில் அந்தப் பொன்னிறம் தெளிவாக இருந்தது. காலையில் பிராகாரத்தில் எடுத்தபோது அம்மா மாலை போட்டிருக்கவில்லை.

இதற்கு மூன்றாவதாக ஒரு `Color Balance` லேயர், அதுவும் கிளிப் செய்து. நடுவெளிச்சப் பகுதியில் சிவப்பை நோக்கி 6, மஞ்சளை நோக்கி 12. இது முகம் முழுவதும் பரவும் என்பதால் அதன் மாஸ்கை முழுக் கறுப்பாக்கி, வெள்ளைத் தூரிகையால் தாடையின் அடியிலும் கீழுதட்டின் அடியிலும் மட்டும் மெல்லத் தடவினேன். மிகச் சிறிய மாற்றம். ஆனால் மாலைக்கும் முகத்துக்கும் அப்போதுதான் உறவு ஏற்பட்டது. அதுவரை அந்த மாலை முகத்துக்கு முன்னால் ஒட்டிய காகிதம் போல இருந்தது.

இறுதியில் லேயர் பலகையில் அடியிலிருந்து மேலே இந்த வரிசை: பந்தல் படம், மாஸ்கோடு அம்மாவின் முகம், அதன் மேல் கிளிப் செய்த மூன்று லேயர்கள், வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, சாமந்தி வெளிச்சத்துக்கு ஒன்று. உச்சியில் அணைத்து வைத்த இரண்டு சோதனை லேயர்கள். அவற்றை அழிக்கவில்லை. ஏற்றுமதி செய்யும்போது அணைத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

காகிதத்தில்

`File` → `Export as` → `JPG` கொடுத்து, தரத்தை முழு அளவில் வைத்து எடுத்தேன். பந்தல் படம் 4000 புள்ளி அகலம். 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 222 புள்ளிகள் வரும், கூடத்துச் சுவருக்கு அது போதும். 18 அங்குலப் பக்கம் நீளமாக இருப்பதால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். அம்மா தலைக்கு மேலே பந்தல் துணி நிறைய இருந்ததால் கவலை இல்லை.

கும்பகோணத்தில் அச்சுப் போடப் போனபோது, ஸ்டுடியோவில் இருந்த பெரியவர் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "தம்பி, நேராகப் பெரிய அளவில் போட வேண்டாம். முகத்தை மட்டும் வெட்டி 4க்கு 6இல் ஒன்று போட்டுப் பாருங்கள். திரை உள்ளிருந்து வெளிச்சம் தரும், காகிதம் தராது" என்றார். நல்ல வேளையாகக் கேட்டேன். சிறிய அச்சில் முகம் கழுத்தைவிடச் சற்றே சிவந்திருந்தது. என் மடிக்கணினித் திரை சிவப்பைக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது போலும், அதனால் அந்த வேறுபாடு எனக்குத் திரையில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து PSD கோப்பைத் திறந்து, இரண்டாவது லேயரில் சிவப்பின் மேல் புள்ளியை 186 இலிருந்து 181 க்கு இறக்கினேன். ஒரு நிமிட வேலை. மறுநாள் போட்ட சிறிய அச்சில் கழுத்தும் முகமும் ஒன்றாக இருந்தன. பிறகு பெரியதைப் போடச் சொன்னேன்.

மூலப் படத்தை அழிக்கவில்லை. கண் மூடிய படமும் கோப்பிலேயே அடியில் இருக்கிறது. முகம் காலையில் எடுத்ததென்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சட்டத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூக்குத்தியின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "உன் அத்தை அன்றைக்கு ரயிலைப் பிடித்தாளா இல்லையா, கேட்கவே மறந்துவிட்டேன்" என்று சொல்லிக் கைப்பேசியைத் தேடினார்.